ஒரு படம், பதினொரு திருத்தங்கள்: அரிசி ஆலை உரிமையாளருக்கு நான் எழுதிய மறுமொழி

பரந்தன் பக்கத்தில் அரிசி ஆலை நடத்தும் பெரியவர் ஒருவர், தைப்பொங்கல் விற்பனைக்காக ஆலையின் முன் கட்டுவதற்கு எட்டு அடி நீளமும் நான்கு அடி உயரமும் கொண்ட பதாகை ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தார். கிளிநொச்சியில் நான் நடத்தும் சிறிய வடிவமைப்புக் கடைக்கு இப்படியான வேலைகள்தாம் பெரும்பாலும் வருகின்றன. படப்பிடிப்புக்கு ஒதுக்கப் பணம் இல்லை என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒரு படத்தை உருவாக்கி அனுப்பினேன். விளைந்த வயலின் வரம்பில் ஒரு முதியவர் பக்கவாட்டாக நிற்கிறார். கையில் தாக்கத்தி, காலடியில் திறந்த அரிசி மூட்டை. அவருக்குப் பின்னால் வயல்வெளியும் தொலைவில் ஒரு குளக்கட்டும். வலப்புறத்தில் தாழ்ந்த சூரியன். படம் அவருக்குப் பிடித்துவிட்டது. திருத்தங்கள் அதன் பிறகுதான் தொடங்கின.

அவை கடிதமாக வரவில்லை. வட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாக, காலையில் ஒன்றும் ஆலை ஓய்ந்த பின் இரண்டுமாக வந்தன. "பிள்ளை, படம் நல்லா இருக்கு. ஆனா எங்கட வயலுக்க தென்னை எங்க இருந்து வந்தது? பனையைப் போடுங்கோ" என்பது முதல் பதிவு. அடுத்ததில் சட்டையின் நிறமும் சாரமும் வந்தன. அதற்கு அடுத்ததில் காலமான தம் தந்தையின் முகத்தை அந்த முதியவருக்கு வைக்க முடியுமா என்ற கேள்வி வந்தது. குரல் பதிவில் வரும் திருத்தங்களைக் கேட்டவுடன் செய்யத் தொடங்குவது நல்லதல்ல என்பது என் அனுபவம். ஒரு பதிவில் கேட்டதை அடுத்த பதிவில் அவரே மாற்றியிருப்பார். ஆறாவது திருத்தத்தைச் செய்யும்போது இரண்டாவது கெட்டுப்போயிருக்கும். ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் இறக்கி, படத்தின் ஒரு நகலில் அந்தந்த இடத்தில் சிவப்பு வட்டமிட்டு எண்களைக் குறித்தேன். பதினொன்று வந்தன. எண்ணிட்ட அந்தப் படத்தை அவருக்கு அனுப்பி, "நீங்கள் கேட்டவை இவைதானா, வேறு ஏதும் விடுபட்டுள்ளதா" என்று மட்டும் கேட்டேன். அவர் ஆமென்று சொன்ன பிறகே மறுமொழி எழுத உட்கார்ந்தேன்.

மறுமொழிக்கு முன்னர் ஒரு வேலை இருக்கிறது. எது முடியும், எது முடியாது என்பதை ஊகத்தில் எழுதக்கூடாது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது செய்து பார்த்துவிட்டே எழுத வேண்டும். இவ்வகைப் படங்களில் எளிதாகத் தோன்றுவது கடினமாகவும் கடினமாகத் தோன்றுவது எளிதாகவும் இருப்பதுண்டு. வாடிக்கையாளரின் மனத்தில் இருக்கும் எண்ணம் பெரும்பாலும் ஒன்றுதான்: படத்தைக் கணினிதானே வரைந்தது, அதனிடமே "தென்னையை எடுத்துவிட்டுப் பனையைப் போடு" என்று சொன்னால் போதுமே. அப்படிச் சொல்லிப் பார்ப்பது உண்மையில் எளிது. விளைவுதான் வேறு மாதிரி வரும். செயலி ஒவ்வொரு முறையும் ஒழுங்கற்ற புள்ளிகளின் கூட்டமொன்றிலிருந்து தொடங்கி, நாம் எழுதிய விவரணைக்கு ஏற்றபடி அதைச் சிறிது சிறிதாகத் தெளிவாக்கிப் படமாக்குகிறது. அந்தத் தொடக்கப் புள்ளிக்கூட்டத்தைக் குறிக்கும் எண்ணைச் செயலிகளில் Seed என்ற பெயரில் காணலாம். அதே எண், அதே விவரணை, அதே அமைப்புகள் என்றால் அதே படத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் விவரணையில் தென்னை என்ற ஒரு சொல்லைப் பனை என்று மாற்றினாலே மரத்தோடு முதியவரின் நிற்பும் மூட்டையின் இடமும் மேகமும் சேர்ந்து மாறிவிடும். முதியவர் ஓர் அடுக்கிலும் மரம் இன்னோர் அடுக்கிலும் தனித்தனியாக இருப்பதில்லை. எல்லாம் ஒரே பரப்பு.

உரையாடல் முறையில் திருத்தும் செயலிகளில் இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். "மரத்தை மட்டும் மாற்று" என்று கேட்டால் மரம் மாறும். மற்றவை அப்படியே இருப்பதாகவும் தோன்றும். உண்மையில் பல செயலிகள் முழுப் படத்தையும் மறுபடி வரைந்தே தருகின்றன. இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரான வழி உண்டு. போட்டோஷொப்பிலோ அதைப் போன்ற இலவச மென்பொருளிலோ மூலப்படத்தின் மேல் திருத்திய படத்தைப் பொருத்தி வைத்து, மேல் அடுக்கின் கலப்பு முறையை Difference என்று மாற்ற வேண்டும். இரண்டு படங்களும் ஒன்றாக இருக்கும் இடம் முற்றிலும் கறுப்பாகத் தெரியும். மாறிய இடம் ஒளிரும். நான் அப்படிச் சோதித்தபோது மரம் நின்ற இடம் பளிச்சென்று தெரிந்தது. அதோடு முதியவரின் முகத்தின் ஓரங்களும் கதிர்களும்கூட மங்கலாக ஒளிர்ந்தன. ஒரு முறை என்றால் அது பொருட்டல்ல. ஆனால் பதினொரு திருத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அப்படிச் செய்தால், கடைசியில் முகம் வேறொருவருடையதாகவும் கதிர்கள் மெழுகில் வார்த்தவை போலவும் ஆகிவிடும்.

ஆகவே பகுதியை மறைத்துத் திருத்தும் முறையையே நான் கையாள்கிறேன். மாற்ற வேண்டிய இடத்தைச் சற்று தாராளமாகச் சுற்றிக் குறித்து, அந்த இடத்தை மட்டும் செயலியை மறுபடி வரையச் சொல்லி, வந்த விளைவிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து மூலப்படத்தின் மேல் தனி அடுக்காக ஒட்டி, ஓரங்களை மென்தூரிகையால் கரைத்துவிடுவேன். மூலப்படத்தை ஒருபோதும் தொடுவதில்லை. ஒவ்வொரு திருத்தமும் தனி அடுக்காக இருப்பதால், "பனை வேண்டாம், பழையபடி விடுங்கோ" என்று அவர் சொன்னாலும் மற்றவை கெடாது.

இந்தச் சோதனையின்போதுதான், எண்ணிட்ட படத்தில் முதலாவதாக இருந்த திருத்தத்துக்கு வழி தெரிந்தது. படத்தில் இருப்பது மாலை வெயில், தமக்குக் காலை வெயில் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். வெளியூரார் எவரும் இந்த வேறுபாட்டைக் காணமாட்டார்கள். இரண்டு வெயிலும் தாழ்ந்தவை, இரண்டும் மஞ்சள். அவர் கண்டார், ஏனெனில் அந்தக் குளக்கட்டை அவர் இரணைமடுவாகவே பார்க்கிறார். கனகராயன் ஆற்றை மறித்த அந்தக் குளத்தின் கட்டு வடபுறத்தில் இருக்கிறது. வயல்கள் அதற்கும் வடக்கே விரிகின்றன. வயலில் நின்று கட்டைப் பார்ப்பவர் தெற்கு நோக்கி நிற்கிறார். ஆகவே அவருக்கு இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. படத்தில் சூரியன் வலப்பக்கத்தில் இருந்ததால் அவருக்கு அது மாலை. இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. படத்தை இடம் வலமாகத் திருப்பினால் போதும். அதோடு இன்னொரு நன்மையும் கிடைத்தது. முதியவரின் இடக்கையில் தாக்கத்தி இருப்பது சரியில்லை, அந்தக் கையில் ஒரு விரலும் கூடுதல் என்பது ஐந்தாவது திருத்தம். படம் திரும்பியதும் தாக்கத்தி வலக்கைக்கு வந்துவிட்டது. சட்டைப்பை மட்டும் தவறான பக்கத்துக்குப் போனது. சட்டையை எப்படியும் மாற்றப் போகிறோம் என்பதால் அது பெரிய காரியமல்ல.

இவ்வளவும் தெரிந்த பிறகு எழுதிய மறுமொழி இது. அவருடைய ஊர், பெயர் ஆகியவற்றை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

"மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டேன். படத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி. நீங்கள் கேட்ட பதினொரு மாற்றங்களையும், எண்ணிட்டு அனுப்பிய படத்தின் வரிசைப்படியே கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் ஆள், மரம், மூட்டை ஆகியவை தனித்தனியாக இருந்து பின்னர் சேர்க்கப்பட்டவை அல்ல. எல்லாம் ஒன்றாகக் கலந்து உருவானவை. அரைத்த மாவிலிருந்து ஒரு குறிப்பிட்ட அரிசியைத் திரும்ப எடுக்க முடியாததை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள், இதுவும் அப்படித்தான். ஆகவே சில இடங்களின் மேல் புதிதாக வரைந்து ஒட்ட முடியும். சிலவற்றை மாற்றினால் முழுப் படமும் வேறாகிவிடும்.

ஒன்று முதல் ஐந்து வரையானவற்றை இந்தப் படத்திலேயே செய்து தர முடியும். காலை வெயிலுக்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறேன். மாதிரியை இதனுடன் அனுப்புகிறேன். நீலச் சட்டையை வெள்ளையாகவும், வேட்டியைக் கட்டம் போட்ட சாரமாகவும், தென்னைகளைப் பனைகளாகவும் மாற்றலாம். தாக்கத்தி பிடித்த கையில் ஒரு விரல் கூடுதலாக இருப்பதை நீங்கள் சொல்லித்தான் என் கடையில் உள்ளவர்களும் கவனித்தார்கள். அதையும் திருத்திவிடுவேன்.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்றும் முடியும். ஆனால் அவற்றுக்கு உங்கள் உதவி வேண்டும். ஆறாவதாக நீங்கள் கேட்ட இருசக்கர லாண்ட்மாஸ்டரைச் செயலி சரியாக வரைவதில்லை. நான்கு சக்கர உழவு இயந்திரத்தை வரைகிறது, அல்லது கைப்பிடிகள் எங்கோ தொடங்கி எங்கோ முடிகின்றன. அதை ஓட்டியவர்கள் உங்கள் ஆலைக்கு வருகிறவர்கள், பார்த்தவுடன் சிரித்துவிடுவார்கள். உங்கள் ஆலை முற்றத்தில் நிற்கும் லாண்ட்மாஸ்டரைக் காலை ஏழு மணியளவில், வெயில் உங்கள் இடப்பக்கத்திலிருந்து விழும்படி நின்று, கைபேசியை நெஞ்சு உயரத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பினால், அதை வயலின் பின்னணியில் பொருத்தித் தருவேன். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாமல் வந்துசேரும்.

ஏழாவதாக, மூட்டையில் ஆலையின் பெயர். செயலி வரையும் தமிழ் எழுத்துகள் பல வேளைகளில் தமிழைப் போலத் தோன்றுகின்றனவேயன்றித் தமிழாக இருப்பதில்லை. ஆகவே பெயரை நானே எழுத்துருவில் அமைத்து, சாக்கின் மடிப்புக்கு ஏற்ப வளைத்து வைப்பேன். பெயரின் எழுத்துக்கூட்டலை, பதிவுச் சான்றிதழில் உள்ளபடி எனக்கு எழுதி அனுப்புங்கள்.

எட்டாவதாக, மூட்டையில் உள்ள வெள்ளை அரிசியைச் சிவப்புப் புழுங்கல் அரிசியாக மாற்றக் கேட்டிருந்தீர்கள். நிறத்தை மட்டும் மாற்ற என்னால் முடியும். ஆனால் நீங்கள் விற்பது அந்த அரிசியைத்தான்; அதை மட்டுமாவது உண்மையான படமாக வைப்பதே முறை என்று நினைக்கிறேன். ஒரு கிலோ அளவில் உங்கள் மொட்டைக்கறுப்பன் அரிசியைக் கடைக்கு அனுப்பிவையுங்கள். நானே படமெடுத்துச் சேர்க்கிறேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

மற்ற மூன்றையும் இந்தப் படத்தில் செய்வது இயலாது. காரணங்களையும், பதிலாகச் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். பக்கவாட்டாக நிற்பவரை நேராகப் பார்க்கத் திருப்ப முடியாது. அவருடைய மறுபக்கம் இந்தப் படத்தில் எங்கும் இல்லை. நேராகப் பார்க்கும் ஆள்தான் வேண்டுமென்றால் புதிய படம் உருவாக்க வேண்டும். அதில் நீங்கள் விரும்பிய வயலும் வெளிச்சமும் இதே போல அமையும் என்று என்னால் உறுதி தர முடியாது. சுளகால் புடைக்கும் பெண்ணை வயலின் நடுவில் சேர்ப்பதைவிட, அதைத் தனிப் படமாகச் செய்து முகநூலில் இடுவது பொருத்தமாக இருக்கும்.

உங்கள் தந்தையாரின் முகத்தைப் பற்றி. நீங்கள் அனுப்பியது அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படம். அவர் நேராகப் பார்க்கிறார், வெளிச்சமும் முன்னிருந்து விழுகிறது. வயலில் நிற்பவரோ பக்கவாட்டாக நிற்கிறார். அந்த முகத்தை இந்த உடலுக்குப் பொருத்தினால், உங்கள் தந்தையாரைப் போன்ற, ஆனால் அவரல்லாத ஒருவர் வருவார். ஊரார் பார்க்கும் பதாகையில் அப்படி ஒரு முகம் இருப்பதை உங்கள் குடும்பத்தினர் விரும்பமாட்டார்கள் என்று எண்ணுகிறேன். அவருடைய உண்மையான படத்தை, ஆலையைத் தொடங்கியவர் என்ற குறிப்போடு, பதாகையின் மேல் மூலையில் வட்டத்துக்குள் வைக்கலாம். வீட்டில் சட்டமிட்ட பெரிய படம் இருந்தால் கொண்டுவாருங்கள். சேதமின்றி வருடி எடுத்துவிட்டு உடனே திருப்பித் தருகிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பதாகையில் இரணைமடு என்ற பெயரைப் படத்தின் கீழ் எழுத வேண்டாம். கட்டு அதைப் போல இருக்கிறதேயன்றி அது இரணைமடு அல்ல.

இந்த எட்டு மாற்றங்களும் முன்பு பேசிய கட்டணத்துக்குள் அடங்கும். முதல் மாதிரியைப் பார்த்த பின் நீங்கள் சொல்லும் சிறிய திருத்தங்களை ஒரு முறை சேர்த்துச் செய்து தருவேன். புதிய படம் வேண்டுமென்றால் அதற்கான கட்டணத்தைத் தனியாகப் பேசிக்கொள்வோம். லாண்ட்மாஸ்டர் படமும் அரிசியும் கிடைத்ததும் வேலையைத் தொடங்குகிறேன்.

நன்றியுடன்."

கடிதத்தை அனுப்பிய அன்று மாலையே அவர் அழைத்தார். நீண்ட கடிதம் எழுதியதற்காகச் சற்றுக் கேலி செய்துவிட்டு, "சரி பிள்ளை, அப்பாவின்ர படத்தை நாளைக்குக் கொண்டுவாறன்" என்றார். நேராகப் பார்க்கும் ஆளைப் பற்றி அதன் பிறகு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மறுபக்கம் படத்தில் இல்லை என்ற வாக்கியம் அவருக்குப் போதுமானதாக இருந்தது என்றே நினைக்கிறேன். "அது கொஞ்சம் கஷ்டம், பார்ப்போம்" என்று எழுதியிருந்தால், பார்த்தீர்களா என்று இரண்டு நாளுக்கு ஒரு முறை கேட்டிருப்பார். அவர் கேட்பதிலும் தவறிருக்காது.

வேலை செய்யும் ஒழுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒழுங்கு மாறினால் செய்ததையே மறுபடி செய்ய நேரும். முதலில் படத்தைத் திருப்ப வேண்டும். எழுத்தோ லாண்ட்மாஸ்டரோ சேர்ந்த பின் திருப்பினால் அவையும் கண்ணாடியில் தெரிவதுபோல் ஆகிவிடும். அடுத்து அகலம். செயலி தந்த படம் 1536 புள்ளி அகலமும் 1024 புள்ளி உயரமும் கொண்டது. பதாகையின் நீளம் உயரத்தின் இரு மடங்கு என்பதால் 2048 புள்ளி அகலம் தேவை. ஆகவே இரு பக்கமும் 256 புள்ளிகள் வீதம் வயலையும் வானத்தையும் நீட்டிக்கச் செய்தேன். ஓரங்களில் கதிரும் வானமும் மட்டும் இருந்ததால் இது எளிதாக முடிந்தது. ஓரத்தில் ஒரு ஆளோ வண்டியோ பாதியாக வெட்டுப்பட்டு நின்றிருந்தால், செயலி மீதிப் பாதியைத் தன் விருப்பப்படி வரைந்து தொல்லை கொடுத்திருக்கும். அதன் பிறகு பனை, சாரம், சட்டை என்ற பெரிய பரப்புகள், பின்னர் விரல், பின்னர் வெளியிலிருந்து வந்த லாண்ட்மாஸ்டரும் அரிசியும்.

பதினொன்றில் மிகச் சிறியதாகத் தோன்றிய சட்டைதான் அதிக நேரத்தை எடுத்தது. கருநீலத்தின் நிறச்செறிவை நீக்கினால் வெள்ளை வராது, அழுக்குச் சாம்பல்தான் வரும். சட்டையைக் குறித்து மறுபடி வரையச் சொல்லும்போது, எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதற்குச் செயலியில் 0 முதல் 1 வரை ஓர் அளவு இருக்கும். அதை 0.4 அளவில் வைத்தால் மடிப்புகள் அப்படியே இருக்கும், ஆனால் நீலமும் அப்படியே இருக்கும். 0.8 அளவில் வைத்தால் வெள்ளைச் சட்டை வரும்; தோளின் சாய்வும் கையின் நிற்பும் அதோடு மாறிவிடும். இதற்கு வழி, செயலியிடம் கொடுப்பதற்கு முன் நாமே சட்டையின் மேல் வெளிர்நிறத்தைத் தூரிகையால் முரட்டுத்தனமாகப் பூசிவிடுவது. வெயில் படும் இடப்பக்கத்துக்கு மஞ்சள் கலந்த வெள்ளை, நிழற்பக்கத்துக்கு நீலச்சாம்பல், ஆழமான மடிப்புகள் இருக்குமிடத்தில் இரண்டு மூன்று கோடுகள். பார்க்கச் சிறுபிள்ளை வரைந்தது போலிருக்கும். அதை 0.45 அளவில் மறுபடி வரையச் சொன்னபோது, உடலின் நிற்பு மாறாமல், பருத்தித் துணியின் இழையோடு வெள்ளைச் சட்டை வந்தது. சட்டைப்பையைப் பூச்சிலேயே மறைத்துவிட்டதால் அது திரும்ப வரவில்லை. தூய வெள்ளையைப் பூசாதிருப்பது முக்கியம். தாழ்ந்த வெயிலில் வெள்ளைத்துணி வெள்ளையாகத் தெரிவதில்லை. தூய வெள்ளை பூசினால் ஆள் காகிதத்தில் வெட்டி ஒட்டியவர் போல நிற்பார்.

லாண்ட்மாஸ்டரைப் பொறுத்தவரை அவர் அனுப்பிய படம் நன்றாகவே இருந்தது. பின்னணியில் நின்ற கோழியை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. அதன் சக்கரம் தரையில் படும் இடத்தில் நிழல் இல்லையென்றால் அது மிதக்கும். அந்த நிழலை நாமே வரைய வேண்டும். மேலும், செயலி வரைந்த பின்னணி சற்று மங்கலானது. கைபேசிப் படமோ கூர்மையானது. கூர்மையை அப்படியே விட்டால் தொலைவில் நிற்கும் வண்டி முன்னால் நிற்கும் முதியவரைவிடத் தெளிவாகத் தெரியும். ஆகவே பின்னணியின் மங்கலுக்குச் சமமாகும்வரை அதை மென்மையாக்கினேன்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினேன். 2048 புள்ளி அகலம் 8192 ஆகிறது. எட்டு அடி என்பது 96 அங்குலம். ஆகவே அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 புள்ளிகள். வீதியிலிருந்து பார்க்கும் பதாகைக்கு இது தாராளம். பெரிதாக்காமல் அச்சுக்குக் கொடுத்திருந்தால் அங்குலத்துக்கு 21 புள்ளிகளே இருந்திருக்கும். முகத்தில் கட்டங்கள் தெரிந்திருக்கும். பெரிதாக்கிய பின் படத்தை முழு அளவில் வைத்து ஒரு முறை நகர்த்திப் பார்ப்பது நல்லது. பெரிதாக்கும் மென்பொருள் இல்லாத நுணுக்கங்களைத் தானே இட்டு நிரப்புகிறது; நெற்கதிர்கள் சில இடங்களில் முறுக்கிய நூலைப் போலாகியிருந்தன. பதாகையில் அது தெரியாது என்பதால் விட்டுவிட்டேன்.

பெரிதாக்கிய படத்தின் மேல்தான் எழுத்துகளை வைக்க வேண்டும். முன்னரே வைத்தால் அவையும் சிதையும். தந்தையாரின் படத்தை 600 புள்ளி அடர்த்தியில் வருடி, மேல் மூலையில் வைத்தேன். அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் தமிழ் எழுத்துகள் அனைத்தையும் கோட்டுருவாக மாற்றிக் கொடுத்தேன். நம்முடைய பக்கத்தில் பல அச்சகங்கள் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே வேலை செய்கின்றன; யுனிகோட் எழுத்துருவை அப்படியே அனுப்பினால் அவர்களுடைய கணினியில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோவதுண்டு. அங்குள்ளவர் அதைக் கவனிக்காமல் அச்சிட்டுவிட்டால் பதாகையைத் திரும்ப வாங்கிக்கொள்ள எவரும் இல்லை.

பதாகை முடிந்த பிறகு, அதே படத்தை ஐந்து கிலோப் பையின் முகப்பிலும் போடலாமா என்று அவர் கேட்டார். இதற்குக் குறுஞ்செய்தியிலேயே பதில் எழுதினேன். பையைக் கையில் எடுத்து ஒரு முழத் தூரத்தில் பார்ப்பார்கள். பதாகையில் தெரியாத முறுக்கிய கதிர்கள் அங்கே தெரியும். மேலும் பையின் முகப்பு நெட்டுவாக்கானது. அந்த வடிவத்துக்கு வெட்டினால் முதியவரும் மூட்டையும் மிஞ்சும், வயல் போய்விடும். பிளாஸ்ரிக் பையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு உருளை செய்ய வேண்டியிருப்பதால், இப்படியான முழுவண்ணப் படம் செலவையும் கூட்டும். ஆகவே பையில் உள்ளிருக்கும் அரிசியே தெரியும்படி ஒரு சிறிய ஒளிபுகு சாளரம் விட்டு, ஆலையின் பெயரையும் ஒரு பனையின் கோட்டோவியத்தையும் இரண்டு நிறங்களில் அமைக்கலாம் என்று எழுதி, கையால் வரைந்த மாதிரி ஒன்றை இணைத்தேன். பனைக்கு எத்தனை ஓலை என்று மட்டும் கேட்டு எழுதினார்.

இந்த வேலைக்குப் பிறகு என் விலைக்குறிப்புகளில் மூன்று வரிகளைச் சேர்த்துக்கொண்டேன். செயலியில் உருவாக்கிய படமென்றால், ஆளின் நிற்பு, பார்க்கும் கோணம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை முதல் மாதிரியைப் பார்த்ததுமே உறுதிசெய்ய வேண்டும். அவை உறுதியான பின் மாற்றக் கேட்டால் அது புதிய படமாகக் கணக்கிடப்படும். திருத்தங்களை எண்ணிட்ட படத்தின் மேல் ஒரே முறையில் தர வேண்டும். விற்கப்படும் பொருள், இயந்திரம், ஆட்களின் முகம், எழுத்து ஆகியவை செயலியால் உருவாக்கப்படமாட்டா. அவற்றின் உண்மைப் படங்களை வாடிக்கையாளர் தர வேண்டும், அல்லது நாங்கள் எடுப்பதற்கான கட்டணத்தைத் தர வேண்டும். கடைசி வரியைப் படித்துவிட்டு அண்மையில் ஒருவர், "அப்ப செயலி என்னத்தைத் தான் வரையும்?" என்று கேட்டார். வயலையும் வானத்தையும் வெளிச்சத்தையும் வரையும் என்று பதில் சொன்னேன். அவருக்கு வேண்டியிருந்தது கடைத்தெருவின் படம் என்பதால், மறுநாள் காலையில் கைபேசியோடு அங்கே போய் எடுத்துக்கொடுத்தேன்.